45 பேரும் ஒரு பத்தியும்: ஓர் ஆய்வேட்டின் நன்றியுரை

சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில் தண்ணீர் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை, அந்த வேலையைச் செய்தவர்களின் வாய்மொழியிலிருந்தே எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு அது. தமிழ்த்துறையில், தமிழிலேயே எழுதப்பட்டது, ஆறு இயல்கள். ஒப்படைப்பதற்கு முன் மொழி பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தது. இயல்களில் எனக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. ஆய்வாளருக்கு நல்ல காது; கேட்டதைக் கேட்டபடி எழுதத் தெரிந்தவர். வேலை இருந்தது முதல் இயலுக்கு முன்னால் இருந்த இரண்டு பக்கங்களில்தான்.

நன்றியுரை. தமிழ் ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு அதன் உருவம் கண்ணை மூடினாலும் தெரியும். மேலே செய்ந்நன்றி அதிகாரத்திலிருந்து ஒரு குறள். பிறகு துணைவேந்தர், பதிவாளர், தேர்வாணையர், முதல்வர், துறைத்தலைவர், துறைப் பேராசிரியர்கள் என்று பதவி வரிசையில் இறங்கும். நெறியாளர், ஆய்வுக் குழு உறுப்பினர்கள், நூலகங்கள், களத்தில் தகவல் தந்தவர்கள், நண்பர்கள், பெற்றோர், மனைவி, குழந்தை. கடைசியில் தட்டச்சு செய்தவரும் பைண்டிங் செய்தவரும். இந்த ஏட்டில் 45 பேரும் 5 நூலகங்களும் இருந்தார்கள். ஒவ்வொரு பத்தியும் ‘நன்றியினைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்றே முடிந்தது.

இதைக் குறைத்தே ஆக வேண்டிய கட்டாயமும் இருந்தது. அவருடைய பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு விதிப்படி நன்றியுரை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் விதி இல்லாவிட்டாலும் நான் குறைக்கத்தான் சொல்லியிருப்பேன். அத்தனை கவனமாக மனிதர்களைக் கேட்டு எழுதிய ஒருவர், தன் மனிதர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் முன்னால் எழுதிய யாரோ ஒருவருடைய குரலில் பேசியிருந்தார். அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

ஒரு பகுதியைப் பாருங்கள். பெயர்களுக்குப் பதில் பதவிகளையும் உறவுகளையும் மட்டும் வைக்கிறேன்.

“இவ்வாய்வினை மேற்கொள்ள அனுமதி நல்கிய மாண்புமிகு துணைவேந்தர் அவர்கட்கும், பதிவாளர் அவர்கட்கும், தேர்வாணையர் அவர்கட்கும் என் பணிவார்ந்த நன்றியினைத் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்வாய்வு செம்மையுற அமைய இருளில் ஒளிவிளக்காய் வழிகாட்டிய என் நெறியாளர் அவர்கட்கு என் நெஞ்சார்ந்த நன்றியினைத் தெரிவித்துக்கொள்கிறேன். என் ஆய்வுப் பணிக்கு உறுதுணையாய் விளங்கிய என் அன்பு மனைவிக்கு என் இதயங்கனிந்த நன்றியினைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

துணைவேந்தருக்குப் பணிவார்ந்த, நெறியாளருக்கு நெஞ்சார்ந்த, மனைவிக்கு இதயங்கனிந்த. யார் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்ல இந்த அடைமொழிகளைத் தவிர அவரிடம் வேறு வழி இருக்கவில்லை, ஏனென்றால் எல்லா வாக்கியங்களிலும் எழுவாய் ‘நான்’, பயனிலை ‘தெரிவித்துக்கொள்கிறேன்’. உதவியவர்கள் எல்லாரும் நான்காம் வேற்றுமையில் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவரும் எதையும் செய்யவில்லை. ‘உறுதுணையாய் விளங்கிய’ என்பதைப் படித்து அந்த மனைவி என்ன செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே ‘அவர்கட்கும், அவர்கட்கும்’ என்று நீளும் தொடரில் வினை கடைசியில்தான் வருகிறது. ஐந்து பேரைத் தாண்டியதும் படிக்கிற கண் பெயர்களை விட்டுவிட்டு முற்றுப்புள்ளிக்குத் தாவிவிடும். ஆக, ஒருவரும் விடுபடக் கூடாது என்று எழுதிய பட்டியலில் ஒருவரும் கண்ணில் படுவதில்லை.

முதலில் சுருக்கும் வேலையை அவரிடமே விட்டேன். மறுநாள் வந்தது இது: “இவ்வாய்வு நிறைவுற உதவிய என் நெறியாளர், துறைப் பேராசிரியர்கள், நூலகர்கள், களத் தகவலாளர்கள், நண்பர்கள், குடும்பத்தினர் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.” ஒரு பக்க விதிக்கு அது தாராளமாகப் பொருந்தியது. ஆனால் அதைப் பக்கத்து அறையில் சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்கிறவர் தன் ஏட்டில் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒட்டிக்கொள்ளலாம். முன்பாவது பெயர்கள் இருந்தன. இப்போது அவையும் போய் வகைகள் மட்டும் மிஞ்சின. சுருக்குகிற பலரும் வந்து நிற்கும் இடம் இதுதான். ஆட்களைத் தொகைப்பெயராக்கினால் இடம் மிச்சமாகும், ஆனால் உள்ளே சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்த முறை அவர் எதிர்ப்பக்கம் போனார். தாத்தாவின் வயலில் தொடங்கி, பள்ளிக்கூடம், அப்பாவின் மறைவு, முதுகலையில் சேர்ந்த நாள் என்று ஒரு பக்கம் முழுக்கத் தன் கதை. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் ஆய்வேட்டுக்கு உதவியவர்கள் கடைசி மூன்று வரிக்குள் வந்து அவசரமாகப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரும் பழைய இரண்டு பக்கத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயரிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“தம்பி, இவர் இல்லேன்னா இந்த ஏட்டுல எந்தப் பக்கம் வேற மாதிரி இருந்திருக்கும்?”

கேள்வி கடுமையானதுபோலத் தெரியலாம். அது அன்பை அளக்கும் கேள்வி அல்ல. அந்த உதவி ஏட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடும் கேள்வி. பதில்கள் சடசடவென்று வந்தன. சிலருக்குப் பக்க எண்ணே சொன்னார். ஆய்வுக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் இரண்டாம் இயலில் மேற்கோள் காட்டியிருந்த மடைக் கல்வெட்டின் ஒரு வரியைத் தவறாக வாசித்திருப்பதைக் கண்டுபிடித்து, சரியான பாடத்தைத் தந்திருந்தார். துறை நண்பர்களில் ஒருவர் கண்மாய்களின் வரத்துக்கால்களைக் காட்டும் நிலப்படங்கள் அத்தனையும் வரைந்திருந்தார். ஒரு நூலகர் பழைய வருவாய்த்துறைப் பதிவுகள் இருக்கும் அடுக்கை அடையாளம் காட்டியிருந்தார்.

இவர்களை நன்றியுரையில் வைப்பதைவிடப் பொருத்தமான இடம் ஏட்டிலேயே இருந்தது. கல்வெட்டுப் பாடம் திருத்தப்பட்ட பக்கத்தின் அடிக்குறிப்பில் அந்தப் பேராசிரியரின் பெயர் போனது: இந்த வரியை இவ்வாறு வாசிக்கலாம் என்று சுட்டிக்காட்டியவர் இன்னார். நிலப்படங்களின் கீழே ‘வரைந்தவர்’ என்று நண்பரின் பெயர். பதிவுகள் கிடைத்த இடமும் உதவிய நூலகரும் முதல் இயலில் சான்றுகள் பற்றிச் சொல்லும் பத்தியில். நன்றியுரையில் ஒரு பெயர் நாற்பதில் ஒன்றாக இருக்கும். அடிக்குறிப்பில் அது தனியாக, செய்த வேலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பின்னால் அந்தக் கல்வெட்டைத் தேடி வருகிற ஆய்வாளர் அந்தப் பெயரைக் கட்டாயம் பார்ப்பார்.

கல்வி உதவித்தொகை தனி வகை. அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவர். நிதி தந்த அமைப்பைக் குறிப்பிடுவது கடமை. அதில் உணர்ச்சிக்கு வேலை இல்லை. அதைப் பத்திக்குள் கலந்தால் பத்தியின் குரல் கெடும், விட்டுவிட்டால் தவறு. எனவே பத்திக்குக் கீழே ஒரு வரி இடைவெளி விட்டு, தனி வாக்கியமாக வைத்தோம். அறிவியல் துறைகளில் ஆய்வகக் கருவி வசதி, திட்ட எண் என்று இன்னும் இரண்டு மூன்று சேரும். அப்போதும் அவை தனி வரிகளாகவே இருப்பது நல்லது.

பக்க எண் சொல்ல முடியாதவர்கள் இரண்டு விதம். பதவிக்காக இடம்பெற்றவர்கள் ஒரு விதம். துணைவேந்தரும் பதிவாளரும் இந்த ஏட்டைப் பற்றி அறிந்திருக்கவே வாய்ப்பில்லை; அவர்களை எடுப்பதில் அவருக்கும் தயக்கம் இருக்கவில்லை. துறைத்தலைவரிடம் வந்தபோது மட்டும் பேனாவை வைத்துவிட்டார்.

“அக்கா, சாரை எடுத்துட்டா கோச்சுக்குவாருக்கா. வாய்மொழித் தேர்வு வேற இருக்கு.”

இந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. நன்றியுரை நீள்வதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இதுதான். யாருக்கு நன்றி சொன்னோம் என்பதைவிட யார் தன் பெயரைத் தேடுவார் என்பதே எழுதுகிறவர் மனத்தில் ஓடுகிறது. சில துறைகளில் இது மீற முடியாத வழக்கம். அங்கே ‘என் துறைக்கும் அதன் தலைவருக்கும்’ என்று ஒரு வரி வைத்துவிடுவதே நிம்மதி. இங்கே நெறியாளரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொன்னேன். நெறியாளர் நேராகத் துறைத்தலைவரிடமே பேசியிருக்கிறார். விடுமுறை நாள்களில் துறை நூலக அறையின் சாவியை ஆய்வாளரிடம் நம்பிக் கொடுத்தது துறைத்தலைவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தச் சாவியைப் பற்றி இரண்டு பக்க நன்றியுரையில் ஒரு சொல்லும் இல்லை. இறுதி வடிவத்திலும் அது வரவில்லை. முதல் பிரதியைக் கையில் கொடுக்கும்போது சாவியைப் பற்றிச் சொல்லி நன்றி சொன்னார்.

இரண்டாவது விதம் குடும்பமும் நண்பர்களும். இவர்களுக்குக் கேள்வியை மாற்றினேன்: எந்த நாள் வேறு மாதிரி இருந்திருக்கும்? நண்பர்கள் 12 பேரில் பலருக்கு அவரால் ஒரு நாளைச் சொல்ல முடிந்தது. ஒருவர், இவர் காய்ச்சலில் கிடந்தபோது விடுதிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர், இன்னொருவர் தேர்வுக் கட்டணம் கட்டியவர். இவை அருமையான உதவிகள். ஆனால் இவற்றைக் கேட்க வேண்டியவர் அந்த நண்பர் ஒருவர் மட்டுமே. ஏட்டின் பிரதியோடு அவரவருக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதுவதாக முடிவானது. அச்சிட்ட பட்டியலில் தன் பெயரை விரலால் தேடுவதைவிட, கஞ்சி கொண்டுவந்த இரவைப் பற்றிய நான்கு வரி கடிதம் அந்த நண்பருக்குப் பல மடங்கு பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி களத் தகவலாளர்கள். இந்த நிகழ்வில் மிக முக்கியமான இடம் இது, நான் எதிர்பார்க்காததும்கூட.

கண்மாயின் மடையைத் திறந்து அடைத்து, முறைவைத்து வயல் வயலாகத் தண்ணீர் விடுகிறவரைச் சிவகங்கைப் பக்கம் நீர்பாய்ச்சி என்பார்கள். வேறு ஊர்களில் நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்ற பெயர்களும் உண்டு. அறுவடையில் நெல்லாகக் கூலி பெற்றவர்கள். கண்மாய் நிறைந்த ஆண்டில் அவர்களுக்குச் சண்டை இல்லை. ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்து, இருக்கிற தண்ணீரைக் கடைமடைவரை கொண்டுபோக வேண்டிய ஆண்டில்தான் யார் சொன்னதை யார் கேட்டார் என்பது தெரியும். மூன்றாம் இயல் அந்த ஆண்டுகளைப் பற்றியது. இரவில் மடையைத் திறக்கச் சொல்லி மிரட்டியவர்கள், வரத்துக்காலை உழுது தன் வயலோடு சேர்த்துக்கொண்டவர்கள், எந்தச் சாதிக்காரரின் வயலுக்குக் கடைசியில் தண்ணீர் போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சொன்னவர்கள் இன்றும் அந்த ஊரில்தான் வாழ்கிறார்கள், அந்த நிலக்காரர்களும்தான். அதனால் ஆய்வாளர் கவனமாக ஊர்களை ‘ஊர் அ’, ‘ஊர் ஆ’ என்றும், பேசியவர்களை ‘நீ-1’, ‘நீ-2’ என்றும் குறித்திருந்தார். பெயர் வெளியே வராது என்று அவர்களிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

நன்றியுரையில் அதே 11 பேரும் இருந்தார்கள், ஊர்ப் பெயரோடு. “இன்ன ஊரைச் சேர்ந்த ஐயா இன்னார் அவர்கட்கும்” என்று.

ஒரு கண்மாய்க்கு நீர்பாய்ச்சி ஒருவரோ இருவரோதான். ஊர் தெரிந்தாலே ஆள் தெரிந்துவிடும். அதைவிட மோசம், பெயர்கள் அவர் பேட்டி எடுத்த வரிசையிலேயே இருந்தன. குறியீடுகளும் அதே வரிசையில்தான் போடப்பட்டவை. நன்றியுரையில் நான்காவது பெயர்தான் மூன்றாம் இயலின் நீ-4. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைக்கிற யாருக்கும் இது விளங்கிவிடும். நான் இயலைப் படித்து முடித்துவிட்டு நன்றியுரைக்குத் திரும்பியதால் கண்ணில் பட்டது. அவருக்குச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. நன்றி மறக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்தது, கொடுத்த வாக்கையே உடைக்க இருந்தது.

அச்சுப் பிரதி நூலக அலமாரியில் தூங்கும் காலம் என்றால்கூட ஆபத்துக் குறைவு. 2009ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்பிரதியை ஒப்படைக்க வேண்டும். அவை காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோத்கங்கா தளத்தில் யாரும் படிக்கும்படி வைக்கப்படுகின்றன. அங்கே ஏடு பகுதி பகுதியாகப் பிரித்து ஏற்றப்படும், நன்றியுரை பெரும்பாலும் தனிக் கோப்பாகவே இருக்கும். 280 பக்க ஏட்டைத் திறக்காதவர்கூட ஒரு தட்டில் திறந்து படிக்கக்கூடியது அது.

11 பேரின் பெயர்களும் உடனே எடுக்கப்பட்டன. ஆனால் சிக்கல் அத்தோடு தீரவில்லை. அவர்களில் மூன்று பேர் தங்கள் பெயர் வர வேண்டும் என்று விரும்பியவர்கள். ஒருவர், “என் பேரு புத்தகத்துல வரணும் தம்பி, என் பேரனுக்குக் காட்டணும்” என்றே சொல்லியிருந்தாராம். இந்த ஆசையை ‘ஆய்வு நெறி’ என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. காலம் முழுக்கக் கண்மாயைக் காத்தவருக்கு எழுத்தில் பெயர் கிடைப்பது அதுவே முதல் முறையாக இருக்கலாம். ஆனால் நன்றியுரையில் அந்த மூவரை மட்டும் சொன்னால், அவர்கள் யார் என்பதை வைத்து மற்ற எண்களைக் கழித்துக் கண்டுபிடிக்கலாம்.

வழி நான்காம் இயலில் கிடைத்தது. அது குடிமராமத்து, மடையின் அமைப்பு, மிகுநீர் வழியும் கலுங்கில் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்துக் கண்மாயின் அளவைச் சொல்வது போன்ற தொழில் அறிவைப் பற்றியது. யாரோடும் பகை உண்டாக்குகிற செய்தி ஒன்றும் இல்லை. அந்த மூவரிடமும் மறுபடி ஒப்புதல் கேட்டு, நான்காம் இயலில் அவர்கள் சொன்ன பகுதிகளை அவர்கள் பெயரிலேயே மேற்கோளாக வைத்தார். மூன்றாம் இயலில் குறியீட்டு எண்களைக் குலைத்து வேறு வரிசையில் போட்டார். பேரனுக்குக் காட்ட விரும்பியவரின் பெயர் இப்போது நன்றிப் பட்டியலில் இல்லை; தான் சொன்ன ஒரு முழுப் பத்திக்கு உரியவராக இருக்கிறார்.

இவ்வளவும் அதனதன் இடத்துக்குப் போன பிறகு, நன்றியுரையில் சொல்லியே ஆக வேண்டியவர்களாக மிஞ்சியவர்கள் சிலரே: நெறியாளர், பெயர் சொல்லாமல் நீர்பாய்ச்சிகள், மனைவி, சித்தப்பா, அம்மா. ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதை வாயால் சொல்லச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். எழுதும்போது ‘உறுதுணையாய்’ என்று வருகிற கை, பேசும்போது ‘டேங்க்கை ரொப்பிக் குடுத்துருவாரு’ என்றது. அந்தக் குறிப்புகளிலிருந்து அவர் எழுதிய பத்தி இது. இரண்டு மூன்று சொற்களைத் தவிர நான் எதையும் தொடவில்லை.

“தண்ணீரைப் பற்றி எழுதப்போவதாக நினைத்துத்தான் இந்த ஆய்வைத் தொடங்கினேன். இரண்டாம் இயலைப் படித்த என் நெறியாளர், ‘இதில் மடையைத் திறக்கிறவர் எங்கே?’ என்று ஓரத்தில் எழுதினார். அந்த ஒரு வரிதான் என்னைக் கண்மாய்க் கரைகளுக்கு அனுப்பியது. அங்கே நீர்பாய்ச்சிகள், பெரும்பாலோர் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சொன்னார்கள்; மூன்றாம் இயலிலிருந்து இந்த ஏடு அவர்களுடையது. ஒலிப்பதிவுகளை இரவில் கேட்டு எழுதிய என் மனைவி, அவர்கள் பேச்சை மட்டுமல்ல, பேச்சை நிறுத்திய இடங்களையும் குறித்துவைத்தார். ஐந்தாம் இயலில் நான் கேட்கும் கேள்விகள் அந்த இடங்களில் பிறந்தவை. சித்தப்பா தன் வண்டியைத் தரும்போதெல்லாம் டேங்க்கை நிரப்பித்தான் தந்தார். எப்போது முடியும் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள், அம்மாவைத் தவிர. முடிந்துவிட்டது, அம்மா.”

இதில் ‘நன்றி’ என்ற சொல்லே இல்லை. தலைப்பில் இருப்பதே போதும். எழுவாய்களைக் கவனியுங்கள்: நெறியாளர் எழுதினார், நீர்பாய்ச்சிகள் சொன்னார்கள், மனைவி குறித்துவைத்தார், சித்தப்பா தந்தார். ‘நான்’ முதல் வாக்கியத்தோடு பின்னால் நகர்ந்துவிடுகிறது. பழைய வரைவில் அவரவர் செய்தது அடைமொழிக்குள் ஒளிந்திருந்தது. இங்கே அது வினைமுற்றாக வெளியே வந்திருக்கிறது. வாசகர் மனம் நெகிழ்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ‘இதயங்கனிந்த’ என்று நாம் சொல்லிவிட்டால் படிக்கிறவருக்குக் கனிய ஒன்றும் மீதி இருப்பதில்லை.

பத்தி வரிசையாக நடப்பதற்கும் காரணம் உண்டு. பதவியோ நெருக்கமோ அல்ல, ஆய்வு வளர்ந்த வரிசை: கேள்வி, களம், எழுத்தாக்கம், அதன் இடையே வண்டி, கடைசியில் முடிவு. வரிசைக்கு ஒரு கதை கிடைத்துவிட்டதால் அம்மா ஏன் கடைசியில் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நெறியாளருக்குப் பெயர் தேவைப்படவில்லை, தலைப்புப் பக்கத்திலும் சான்றிதழிலும் இருக்கிறது. மனைவியின் பெயரை அவர் போட விரும்பினார். பிறகு, சித்தப்பாவும் அம்மாவும் உறவுப் பெயரில் நிற்கும்போது ஒருவர் மட்டும் தனியாகத் தெரிவார் என்று அவரே விட்டுவிட்டு, முதல் இயலில் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கியவர் என்று முழுப் பெயரோடு சேர்த்தார். அது மரியாதை மட்டுமல்ல, தரவு எப்படி உருவானது என்பதைச் சொல்ல அவசியமான செய்தியும்கூட.

இரண்டு இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. ‘இந்த ஏடு அவர்களுடையது’ என்பது மிகை என்று எனக்குப் பட்டது. ஆய்வின் முடிவுகளுக்குப் பொறுப்பு ஆய்வாளருடையது. தகவல் தந்தவர்கள் தலையில் அதை ஏற்றக் கூடாது. அவர், தான் சொல்வது பொறுப்பை அல்ல, அறிவை என்றார். பத்தியில் அது விளங்குகிறது என்பதால் விட்டுவிட்டேன். கடைசி வாக்கியத்தில் நெறியாளருக்குத் தயக்கம். ஆய்வேட்டில் அம்மாவை நேரே விளித்துப் பேசலாமா என்று. அவர் ஒரு நாள் கையில் வைத்திருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். நன்றியுரை ஒன்றுதான் ஆய்வேட்டில் ஆய்வாளர் தன் குரலில் பேச அனுமதி உள்ள பக்கம் என்பது அவர் சொன்ன காரணம்.

பத்திக்குக் கீழே உதவித்தொகை பற்றிய ஒரு வரி, அதன் கீழே கையொப்பம். பக்கத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. ஏதாவது குறைகிறதோ என்று அவர் கேட்டார். அந்த இடத்தை நிரப்பத்தான் எல்லாருடைய கையும் துடிக்கும், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மின்பிரதி போவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை செய்தோம். எடுக்கப்பட்ட 11 பேரின் பெயரையும் ஊரையும் முழுக் கோப்பிலும் தேடினோம். பின்னிணைப்பில் ஒரு மடையின் படத்துக்குக் கீழே ஊர்ப் பெயர் அப்படியே இருந்தது. அதைவிட, கையெழுத்தோடு ஸ்கேன் செய்த ஒப்புதல் படிவங்களைப் பின்னிணைப்பில் சேர்த்திருந்தார். ஸ்கேன் படமாக இருந்ததால் அவை எழுத்துத் தேடலில் சிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டியபோதுதான் தெரிந்தது. படிவங்களை எடுத்துவிட்டு, நிரப்பாத மாதிரிப் படிவம் ஒன்றை மட்டும் வைத்தார். அசல் படிவங்கள் உறையில் போட்டு நெறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. படத்தின் கீழே இப்போது ‘ஊர் இ’ என்று இருக்கிறது.